பஃப் அடித்த மருந்து எங்கே போய் இறங்குகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடங்களாக ஆஸ்துமா. சால்பியூட்டமால் இன்ஹேலர் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் இரண்டு முறை அடித்தால் மூச்சு சீராகிவிடும். இப்போது நான்கு முறை அடித்தும் தொண்டையில் கசப்பும் கையில் நடுக்கமும்தான் மிச்சம். மாதம் ஒரு இன்ஹேலர் தீர்ந்துவிடுகிறது. மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தால் மட்டும் அரை மணி நேரத்தில் இரைப்பு அடங்குகிறது. இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குப் போகிறதா, இல்லை வயிற்றுக்குத்தான் போகிறதா? பவுடர் இன்ஹேலர் இதைவிட நல்லது என்கிறார்கள், மாற்றிவிடலாமா? சர்க்கரையும் கண் அழுத்தமும் தவிர வேறு நோய் இல்லை.

அந்தக் கசப்பு நல்ல சாட்சி. சால்பியூட்டமால் கசக்கும் பொருள். மூச்சுக்குழாய்க்குள் இறங்கிய மருந்தை நாக்கு அறியாது. நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் படிந்ததைத்தான் அறியும். முன்பு இல்லாத கசப்பு இப்போது இருக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் மருந்தில் முன்பைவிட அதிகப் பங்கு தொண்டையோடு நின்றுவிடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கை நடுக்கத்தை வைத்து அப்படி எதையும் சொல்ல முடியாது. மருந்து நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்தாலும், எச்சிலோடு விழுங்கப்பட்டு வயிற்றின் வழியாகக் கலந்தாலும் கை நடுங்கத்தான் செய்யும். நான் நெஞ்சக நோய் மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் தொழில். ஆனாலும் உங்கள் அம்மாவின் மார்பில் ஸ்டெத்தஸ்கோப்பை வைக்காமல் எழுதுகிறேன். அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

மருந்து போய்ச் சேரவேண்டிய இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் மீண்டும் மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்து, சுமார் 23 தலைமுறைக் கிளைகளுக்குப் பிறகு காற்றுப்பைகளில் முடிகின்றன. கடைசிச் சில தலைமுறைகளைத் தவிர மற்ற கிளைகளின் சுவரைச் சுற்றி மென்தசை ஓடுகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாயைச் சுற்றி ஓடும் கயிறுதான் இந்தத் தசை. இழுத்தால் வாய் சுருங்கும், விட்டால் விரியும். இழுப்பதும் விடுவதும் நம் விருப்பத்தில் இல்லை. காற்று சீராக ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. தசை கொஞ்சம் இறுகினாலே மூச்சு இவ்வளவு திணறுவதும், கொஞ்சம் தளர்ந்தாலே "அப்பாடா" என்று இருப்பதும் இந்தக் கணக்கினால்தான்.

அந்தக் கயிற்றைத் தளர்த்தும் வழியை நம் உடலே வைத்திருக்கிறது. பயத்திலோ அவசரத்திலோ அட்ரினலின் சுரந்து ரத்தத்தில் வரும்போது, மூச்சுக்குழாய்த் தசையின் மேல் இருக்கும் பீட்டா-2 என்ற ஏற்பியில் போய் அமர்கிறது. பூட்டில் சாவி பொருந்துவது போன்ற பொருத்தம். இதயத்தின் வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் பீட்டா-1 என்ற வேறு பூட்டு. இரண்டும் வெவ்வேறு என்பது 1967இல்தான் தெளிவாயிற்று. இரண்டு ஆண்டுகளில், 1969இல், பீட்டா-2 பூட்டை மட்டும் குறிவைத்துச் செய்த சாவியாகச் சால்பியூட்டமால் விற்பனைக்கு வந்தது. சாவி அமர்ந்ததும் தசைச் செல்லுக்குள் ஒரு நொதி வேலையைத் தொடங்கி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை ஏராளமாகச் செய்கிறது. தசை இறுகியிருக்கவேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்திருக்கவேண்டும். அந்தக் கால்சியம் இன்னொரு நொதியைத் தூண்டி, மயோசின் என்ற புரதம் பக்கத்து நாரைப் பற்றி இழுக்கும்படி செய்யவேண்டும். சைக்ளிக் ஏ.எம்.பி. இரண்டு இடத்திலும் கை வைக்கிறது. கால்சியத்தைக் குறைக்கிறது, அந்த நொதியையும் மட்டுப்படுத்துகிறது. பிடி விடுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் வித்தியாசம் தெரியும். பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கும். கையின் எலும்புத் தசையிலும் பீட்டா-2 ஏற்பிகள் உண்டு. ரத்தத்தில் கலந்த மருந்து அங்கே போய் அமர்வதுதான் உங்கள் அம்மாவின் நடுக்கம்.

இந்த மருந்து தசையை மட்டுமே தளர்த்தும். மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருந்தாலும், சளி அடைத்திருந்தாலும், அவற்றுக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு இன்ஹேலரில் சாதாரணமாக 200 பஃப் இருக்கும். அது ஒரு மாதத்தில் தீர்கிறது என்றால் நாளொன்றுக்கு ஆறேழு பஃப். ஆண்டுக்கு மூன்று இன்ஹேலருக்கு மேல் தேவைப்படுகிறது என்றாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று உலக வழிகாட்டுதல்கள் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் அம்மா பன்னிரண்டில் நிற்கிறார். தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அது இல்லையென்றால், இனி நான் சொல்லும் நுணுக்கங்களைவிட அதுதான் அவசரம்.

இப்போது மருந்தின் பயணத்துக்கு வருகிறேன். ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். பொடி உப்பில் ஓரிரு மணியின் எடை, அவ்வளவுதான். இதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராமில் வருகிறது. அதாவது 40 பஃப் அளவு. இடத்துக்கே கொண்டுபோய்ப் போடுவதால்தான் இவ்வளவு சொற்ப அளவு போதுமானதாக இருக்கிறது. இடம் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். ஊரில் எல்லாரும் பயப்படுவது இன்ஹேலரைப் பார்த்து. நாற்பது மடங்கு மாத்திரையைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. இந்த வேடிக்கையைத் தினமும் பார்க்கிறேன்.

வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குப் போகும் பாதை நேர்பாதை இல்லை. தொண்டையின் பின்சுவரில் ஏறத்தாழச் செங்கோணத்தில் கீழே திரும்புகிறது. கொல்லிமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் பாரம் ஏற்றிய லாரி வேகமாக வந்தால் என்ன ஆகும்? திரும்ப முடியாமல் நேராகப் போய் மோதும். அதே லாரி மெதுவாக வந்தால் திரும்பிவிடும். சைக்கிள் கொஞ்சம் வேகமாக வந்தாலும் திரும்பிவிடும். மருந்துத் துகளும் அப்படியே. அது மோதும் வாய்ப்பு வேகத்தோடு நேர்விகிதத்திலும், துகளின் விட்டத்தோடு இருமடி விகிதத்திலும் கூடுகிறது. விட்டம் இரட்டித்தால் மோதும் போக்கு நான்கு மடங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதி தொண்டை வளைவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவைதான் வளைவைத் தாண்டும்.

தாண்டியவை பிறகு எப்படிச் சுவரில் ஒட்டுகின்றன? பெரிய கிளைகளில் இன்னும் சில வளைவுகளில் மோதி ஒட்டும். உள்ளே போகப்போகக் காற்றின் வேகம் தணிந்து, கடைசியில் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. அங்கே வேலை செய்வது புவியீர்ப்பு. ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்குவது போலத்தான் இதுவும். அசையாத காற்றில் 5 மைக்ரான் துகள் விநாடிக்குச் சுமார் 0.8 மில்லிமீட்டர் இறங்கும். 3 மைக்ரான் துகள் 0.3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. 1 மைக்ரான் துகளோ 0.035 மில்லிமீட்டர்தான். இப்போது "மூச்சைப் பத்து விநாடி அடக்குங்கள்" என்று நாங்கள் சொல்வதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நுண்கிளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மைக்ரான் துகள் பத்து விநாடியில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் இறங்கும். எங்கே இருந்தாலும் சுவரைத் தொட்டுவிடும். இரண்டு விநாடியில் மூச்சை விட்டுவிட்டால் அரை மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். பாதி தப்பித்து வெளியே வந்துவிடும். 1 மைக்ரான் துகளுக்குப் பத்து விநாடியும் போதாது. அதில் கணிசமான பங்கு உள்ளே போனபடியே திரும்பி வெளியே வரும், அல்லது காற்றுப்பை வரை போய் அங்கே படியும். காற்றுப்பையில் தளர்த்துவதற்குத் தசை இல்லை.

அப்படியானால் துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் சரியா? மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைப் பொறுத்தவரை சரியில்லை. 2005இல் லண்டன் ஆய்வாளர்கள் சால்பியூட்டமாலை ஒரே அளவுத் துகள்களாக, 1.5, 3, 6 மைக்ரான் என்று தனித்தனியே செய்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்து, மருந்து எங்கே படிகிறது என்பதைக் கதிரியக்க அடையாளமிட்டுப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் மொத்தமாக அதிகம் படிந்தது 1.5 மைக்ரான். ஆனால் மூச்சை நன்றாக விரித்தது பெரிய துகள்கள். அவை தசை இருக்கும் மேல்கிளைகளில் நின்றன. சிறியவை அதைத் தாண்டிப் போய்விட்டன. பங்கேற்றவர்கள் வேகமாக இழுத்தபோது பெரிய துகள்கள்தான் தொண்டையில் அதிகம் மாட்டின. ஆக, 6 மைக்ரான் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மெதுவாக இழுத்தால் மட்டும் நல்லது. கடைக்கு வரும் இன்ஹேலர்களில் பல அளவுத் துகள்கள் கலந்தே இருக்கும். 1 முதல் 5 மைக்ரான் வரை இருக்கும் பங்கு எவ்வளவு என்பதைத்தான் தயாரிப்பில் கவனிக்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மிக நுண்ணிய துகள் கூடுதல் பலன் தருமா என்பதில் என் துறையிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. சால்பியூட்டமாலுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் அம்மா கையில் இருப்பது அழுத்தத்தில் அடைத்த டப்பி. அதன் கதை 1950களின் அமெரிக்காவில் தொடங்குகிறது. ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவருடைய மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் ஒரு டப்பியில் அடைத்துத் தரக் கூடாது என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் அப்பாவிடம் கேட்டாளாம். 1956இல் அது சந்தைக்கு வந்துவிட்டது. உள்ளே திரவமாக்கிய வாயு இருக்கிறது. சால்பியூட்டமால் அதில் கரைவதில்லை, நுண்பொடியாக மிதக்கிறது. கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் பொடி திரவத்திலிருந்து பிரிந்து ஒதுங்கிவிடும். குலுக்காமல் அடித்தால் ஒரு பஃப்பில் மருந்து குறையும், இன்னொன்றில் கூடும். அழுத்தியதும் அளந்த ஒரு துளி திரவம் பீறிட்டுக் கிளம்புகிறது. நுனியை விட்டுப் புறப்படும்போது துளிகள் பெரியவை, வேகமும் மிக அதிகம். காற்றில் போகப்போகத்தான் வாயு ஆவியாகித் துகள் சிறுக்கும், வேகமும் தணியும். ஆனால் வாய்க்கும் தொண்டைக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூடக் கிடையாது. லாரி வேகம் குறைப்பதற்குள் வளைவு வந்துவிடுகிறது. எல்லாம் சரியாகச் செய்யும் ஒருவருக்கே நுரையீரலில் சேர்வது ஒரு பஃப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகேதான். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகாதவர்களுக்குச் சுமார் 7 சதவீதம் என்று ஒரு பழைய பிரிட்டிஷ் ஆய்வு அளந்தது. அதே ஆட்களுக்கு, இழுக்கும்போது தானாகவே மருந்தை விடும் கருவியைக் கொடுத்தபோது 20 சதவீதத்தைத் தாண்டியது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: மிக நன்றாகச் செய்தாலும் பெரும்பங்கு வயிற்றுக்குத்தான் போகிறது. மீதியை ஏழாக வைப்பதா இருபதாக ஆக்குவதா என்பது கைப்பக்குவத்தில் இருக்கிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். "பஃப் வேலை செய்யவில்லை, ஊசி போடுங்கள்" என்று வந்தார். அவருடைய இன்ஹேலரையே கொடுத்து, வீட்டில் அடிப்பது போல அடிக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகக் குலுக்கினார். மூடியைக் கழற்றினார். உதட்டால் இறுக்கிப் பிடித்தார். அழுத்தினார். அதற்குப் பிறகுதான் மூச்சை இழுத்தார். இடைவெளி ஒரு விநாடிகூட இருக்காது. உதட்டின் ஓரத்தில் வெள்ளைப் புகை எட்டிப் பார்த்தது, மூக்கிலும் கொஞ்சம் வந்தது. அவருக்கு அதில் திருப்தி: "புகை நன்றாக வருகிறது சார், மருந்து தீரவில்லை." வெளியே தெரிந்த அந்தப் புகை முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து. ஊதிப் பார்க்கும் கருவியில், முதல் ஒரு விநாடியில் அவர் தள்ளிய காற்று 1.32 லிட்டர். தன் முறையில் நான்கு பஃப் எடுத்து 15 நிமிடம் கழித்து 1.37. உயர்வு 50 மில்லிலிட்டர். அதைப் பலன் என்று சொல்ல முடியாது, இரண்டு முறை ஊதினாலே அந்த வித்தியாசம் வரும். அடுத்த வாரம், காலையில் மருந்து எடுக்காமல் வரச் சொல்லி, ஸ்பேசர் குழாய் வைத்து அதே நான்கு பஃப்பைக் கொடுத்தேன். 1.34 என்பது 1.66 ஆயிற்று. உயர்வு 320 மில்லிலிட்டர், 24 சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் தாண்டினால் தசை நன்றாகத் தளர்ந்திருக்கிறது என்பது வழக்கமான கணக்கு. இரண்டு நாள் அளவுகளை ஒப்பிடுவதில் பிசகு இருக்கலாம். ஆஸ்துமா நாளுக்கு நாள் மாறும். ஆனால் டப்பியில் மருந்தும் இருந்தது, அவருடைய தசையில் பூட்டும் இருந்தது, சாவி மட்டும்தான் தொண்டையில் கிடந்தது என்பதற்கு அந்த இரண்டு எண்கள் போதும்.

ஸ்பேசர் என்பது வெறும் காலிக் குழாய், ஒரு முனையில் வால்வு. அது செய்வது ஒன்றே: மருந்துக்கு ஓடித் தணிய ஒரு மைதானம் தருகிறது. வாயு அதற்குள்ளேயே ஆவியாகிறது, பெரிய துளிகள் குழாயின் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடுகின்றன, சிறியவை மேகமாக மிதந்து காத்திருக்கின்றன. அழுத்தும் நொடியும் இழுக்கும் நொடியும் ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. கசப்பு பெருமளவு குறையும். குலுக்குங்கள், ஒரே ஒரு பஃப் அடியுங்கள், நான்கைந்து விநாடி நிதானமாக, ஆழமாக வாயால் இழுங்கள், முடிந்தால் பத்து விநாடி அடக்குங்கள், பிறகு விடுங்கள். மூச்சுத் திணறலில் அடக்க முடியவில்லையென்றால் குழாயிலேயே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும். அடுத்த பஃப்புக்கு மீண்டும் குலுக்கவேண்டும். நான்கையும் ஒன்றாகக் குழாய்க்குள் அடித்துவிட்டு ஒரே மூச்சில் இழுப்பவர்கள் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தும் சுவரில் ஒட்டியும் வீணாகும். பிளாஸ்டிக் குழாயைத் துணியால் பளபளவென்று துடைப்பது இன்னொரு பிழை. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்த விளையாட்டுதான் அங்கே நடக்கும்: நிலைமின்சாரம் மருந்தைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலில் நனைத்து, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள்.

பவுடர் இன்ஹேலரில் விதி தலைகீழ். அங்கே தள்ளிவிடும் வாயு கிடையாது. இழுப்பவரின் மூச்சுதான் எஞ்சின். நுண்மருந்துத் துகள்கள் தனியாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், பல மடங்கு பெரிய லாக்டோஸ் பொடியின் மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய பொடி எப்படியும் தொண்டையில் மோதும். வேகமாக இழுத்து உள்ளே சுழலை உண்டாக்கினால்தான் மருந்துத் துகள் அதிலிருந்து பிரிந்து வளைவைத் தாண்டும்; மெதுவாக இழுத்தால் மருந்து லாக்டோஸோடு சேர்ந்து தொண்டையில் படியும். ஸ்ட்ராவில் மாட்டிக்கொண்ட இளநீர் வழுக்கையை இழுப்போமே, அப்படி முதல் கணத்திலிருந்தே பலமாக இழுக்கவேண்டும். ரோட்டாகேப் போன்ற மாத்திரைக் கூடு வைக்கும் கருவி என்றால், இழுத்த பிறகு கூட்டைத் திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கவேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதக் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். (கூட்டைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "பலனில்லை" என்று வந்தவர்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.) எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பலமாக இழுக்க முடிந்தவருக்குப் பவுடர் எளிது, அழுத்தி இழுக்கும் ஒத்திசைவே தேவையில்லை. கடும் இரைப்பில் அம்மாவால் அப்படி இழுக்க முடியுமா என்பதுதான் சந்தேகம். அவசரத்துக்கு டப்பியும் ஸ்பேசரும்தான் என் தேர்வு. ஒருவர் கையில் இரண்டு வகையும் இருந்தால் ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் போட்டுவிடுவது சர்வசாதாரணம்.

நெபுலைசரின் மகிமைக்குக் காரணம் எளிது. அதன் கிண்ணத்தில் ஊற்றுவது 2.5 மில்லிகிராம், அதாவது 25 பஃப் அளவு. பத்து நிமிடம் சும்மா மூச்சு விட்டால் போதும், ஒத்திசைவு வேண்டாம். பாதிக்கு மேல் கருவியிலும் காற்றிலும் வீணானாலும் மீதி போதுமானதாக இருக்கிறது. அதிலும் அதே சால்பியூட்டமால்தான். உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதலில் ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 முதல் 10 பஃப் கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உறுதிப்பட்டிருக்கிறது. அப்படிக் கொடுத்தும் இருபது நிமிடத்தில் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் வீட்டில் எதையும் முயன்றுகொண்டிருக்காதீர்கள்; மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்று வீட்டில் பார்க்கவேண்டியவை சிலதான். அம்மா அடிக்கும்போது எதிரே உட்கார்ந்து, புகை வெளியே வருகிறதா என்று பாருங்கள். டப்பியில் எண்ணிக்கை காட்டும் கட்டம் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் தொடங்கிய தேதியை எழுதி வைத்து எண்ணுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நம்பவேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு சில முறை பீறிடும், புகை வந்துகொண்டேதான் இருக்கும். பிளாஸ்டிக் உறையின் சிறு துளையில் வெள்ளையாகப் படிந்திருந்தால், டப்பியைக் கழற்றிவிட்டு உறையை மட்டும் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். புதிய டப்பியையும் பல நாள் தொடாமல் வைத்திருந்த டப்பியையும் முதலில் சில முறை காற்றில் அடித்துவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும்.

இதெல்லாம் கைப்பக்குவம்தான் காரணம் என்ற ஊகத்தில் எழுதியது. கசப்பு அந்தப் பக்கம் கை காட்டுகிறது. ஆனால் பத்து வருடமாகச் சரியாக அடித்துவந்தவருக்குத் திடீரென்று ஏன் பலனில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. சுவர் வீக்கமும் சளியும் கூடியிருக்கலாம், விரலின் பலம் குறைந்து அழுத்தம் தாமதமாகலாம், இரைப்புக்கு இதயம் காரணமாக இருக்கலாம். கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, கண் அழுத்தம் என்று, அதற்குச் சொட்டு மருந்து போடுகிறாரா? கண் அழுத்தத்துக்கு மிகப் பரவலாகத் தரப்படும் சொட்டு மருந்துகளில் ஒன்று டிமோலால். அது பீட்டா ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும் மருந்து. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாய்த் தசை வரை போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரைப்பையே கிளப்பிவிடும். பூட்டில் வேறு சாவி முறிந்து மாட்டியிருந்தால், இன்ஹேலரை எவ்வளவு அழகாக அடித்தாலும் பலன் குறையும். கை நடுக்கத்துக்கு என்று யாராவது புரோபிரனலால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

அந்தச் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து, இரண்டு மருந்துகள் கலந்ததாக இருந்தாலும் இரண்டின் பெயரையும் படியுங்கள். டிமோலால் என்று இருந்தால், அது எப்போது தொடங்கப்பட்டது, இன்ஹேலர் எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, இன்றே கண் மருத்துவரை அழைத்து, அம்மாவுக்கு ஆஸ்துமா என்று சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கண் அழுத்தம் ஏறினால் பார்வை போகும். மூச்சைத் தொடாத வேறு சொட்டு மருந்துகள் அவர்களிடம் இருக்கின்றன.